டிபி பெட்டியில் எது எதற்கு?

கீழே இரண்டு கடை, மேலே இரண்டு வீடு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக மீட்டர்கள். மதுரையிலோ திருச்சியிலோ எந்தத் தெருவில் நுழைந்தாலும் இப்படி ஒரு கட்டடம் கண்ணில் படும். அந்தக் கடைகளில் ஒன்று டீக்கடை என்று வைத்துக்கொள்வோம். பால் வைக்கும் ஃப்ரிட்ஜில், கம்ப்ரஸருக்குப் போகும் ஒயர் வருடக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து தகரத்தில் உரசியிருக்கிறது. ஒருநாள் மேலுறை தேய்ந்து, உள்ளே இருந்த செம்பு ஃப்ரிட்ஜின் உடம்பைத் தொட்டுவிடுகிறது.

ஃப்ரிட்ஜுக்கு எர்த் ஒயர் இருக்கிறது. கடைக்குப் பின்னால் எர்த் குழி இருக்கிறது. போர்டில் 16 ஆம்பியர் எம்சிபி இருக்கிறது. பிறகு என்ன, கசிந்த மின்சாரம் எர்த்துக்குப் போகும், எம்சிபி விழுந்துவிடும் என்றுதான் கடைக்காரர் நினைப்பார். பல எலக்ட்ரீஷியன்களும் அப்படித்தான் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி வருகிறது.

நம் ஊரில் சின்னக் கட்டடங்களுக்குக் கம்பத்திலிருந்து பேஸும் நியூட்ரலும்தான் வருகின்றன. எர்த்தை நாமே குழி வெட்டிப் போட்டுக்கொள்கிறோம். ஆகவே ஃப்ரிட்ஜில் கசிந்த மின்சாரம் நம் எர்த் குழியில் இறங்கி, மண்ணுக்குள் ஓடி, டிரான்ஸ்பார்மரின் எர்த் வழியாகத்தான் வட்டத்தை முடிக்க வேண்டும். கடையின் குழி ஓரளவு நல்ல குழி, 10 ஓம் காட்டுகிறது என்று கொள்வோம். டிரான்ஸ்பார்மர் பக்கம் 2 ஓம். இரண்டும் சேர்ந்து 12 ஓம். 230 வோல்ட்டை 12ஆல் வகுத்தால் 19 ஆம்பியர்.

16 ஆம்பியர் எம்சிபிக்கு 19 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. கொஞ்சம் கூடுதல் சுமை என்று எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமல் நிற்கலாம். அவ்வளவு நேரமும் அந்த 19 ஆம்பியர் 10 ஓம் குழியில் பாய்வதால் ஃப்ரிட்ஜின் உடம்பில் 190 வோல்ட் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பையன் பால் பாக்கெட் எடுக்க அதன் கைப்பிடியைத் தொட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எர்த் போட்டும், எம்சிபி போட்டும், இரண்டும் பழுதில்லாமல் இருந்தும் இப்படி நடக்கிறது.

அந்தக் கட்டடத்தின் பேனலிலும் பெட்டிகளிலும் பார்த்தால் நான்கு வகைக் கருவிகள் இருக்கும், அல்லது இருக்க வேண்டும். ஐசோலேட்டர், எம்சிபி, எம்சிசிபி, இஎல்சிபி. எல்லாவற்றுக்கும் மேலே கீழே தள்ளும் ஒரு பிடி. எல்லாவற்றிலும் ஆம்பியர் எண். பார்க்க ஒரே குடும்பம்போல இருப்பதால் ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்ற எண்ணம் எளிதாக வந்துவிடுகிறது. ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. டீக்கடை ஃப்ரிட்ஜ் விஷயத்தில் நான்கில் ஒன்றுக்குத்தான் அந்தப் பையனைக் காப்பாற்றத் தெரியும்.

முதலில் எம்சிபியைப் பார்ப்போம், ஏனென்றால் அதன்மேல்தான் எல்லோருக்கும் அளவுக்கு மீறிய நம்பிக்கை. முன்பு பீங்கான் ஃபியூஸ் கேரியரில் கம்பி கட்டிக்கொண்டிருந்தோமே, அந்த இடத்துக்கு வந்தது இது. இதற்குள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை. சுமை கூடினால் பட்டை சூடாகி மெதுவாக வளையும். போதிய அளவு வளைந்ததும் கொக்கியைத் தட்டிவிடும். மற்றது ஒரு கம்பிச் சுருள். பேஸும் நியூட்ரலும் நேராக முட்டி ஷார்ட் ஆகும்போது பாயும் பெரும் மின்சாரத்தில் அது காந்தமாகி, கண் இமைக்கும் முன் கொக்கியை இழுத்துவிடும்.

மெதுவானது எவ்வளவு மெதுவானது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. எம்சிபிகளுக்கான சர்வதேசத் தரத்தின்படி, குறித்த அளவைப்போல் 1.13 மடங்கு மின்சாரம் பாய்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு அது விழக் கூடாது. 1.45 மடங்கு பாய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். முதல் மாடி வீட்டுச் சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். 16 ஆம்பியர் எம்சிபி. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பக்கத்தில் 750 வாட் மிக்ஸி, 1200 வாட் மைக்ரோவேவ் அடுப்பு. மொத்தம் 17 ஆம்பியர் சொச்சம். எம்சிபி விழாது, விழவும் கூடாது. அதோடு 1500 வாட் கெட்டிலையும் போட்டால் 24 ஆம்பியரை எட்டும். இப்போது பட்டை வளையத் தொடங்கும். சில நிமிடங்களிலோ இன்னும் கொஞ்சம் பொறுத்தோ விழும். இந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது. ஒயர் சூடாகவும் நேரம் ஆகும், அதற்குள் சுமையும் குறைந்துவிடலாம் என்பது கணக்கு.

அதாவது எம்சிபி காவல் காப்பது ஒயரை. சுவருக்குள் பைப்பில் ஓடும் ரெண்டரை எம்எம் ஒயர் இருபது ஆம்பியர் அளவுக்குத் தாங்கும் என்றால், அது வெந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் பொறுப்பு. இதைப் புரிந்துகொண்டால் அடிக்கடி நடக்கும் ஒரு காரியம் எவ்வளவு ஆபத்து என்பது விளங்கும். சமையலறை எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று வீட்டம்மா சொல்வார். எலக்ட்ரீஷியன் வருவார், 16ஐக் கழற்றிவிட்டு 32 போடுவார். "இனிமே விழாதுக்கா" என்பார். உண்மைதான், விழாது. அதே ஒயரில் 30 ஆம்பியர் பாய்ந்தாலும் விழாது. சுவருக்குள் ஒயரின் மேலுறை கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, வெடித்து, ஒருநாள் பைப்புக்குள்ளேயே கருகும். எம்சிபியை மாற்ற வேண்டுமானால் ஒயரையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுப்புக்குத் தனி ஒயர் இழுத்துத் தனி எம்சிபி கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

மனித உடம்புக்கு வருவோம். ஈரக் கையும் ஈரக் காலுமாக இருக்கும்போது உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது 0.23 ஆம்பியர். ஒரு பழைய குண்டு பல்பு இழுக்கும் அளவு. வீட்டில் இருக்கும் மிகச் சிறிய 6 ஆம்பியர் எம்சிபிக்குக்கூட அது கூடுதலாக எரியும் ஒரு பல்பு, அவ்வளவுதான். ஆனால் உடம்புக்குப் பத்துப் பதினைந்து மில்லியாம்பியரிலேயே தசை இறுகிப் பிடி விடாது. இதன் வழியாக நூறு மில்லியாம்பியரை ஒட்டிப் பாய்ந்து, அது ஓரிரண்டு இதயத் துடிப்பு நேரம் நீடித்தால் துடிப்பு தாறுமாறாகிவிடும். எம்சிபி ஆம்பியர்களில் யோசிக்கிறது. உயிர் மில்லியாம்பியர்களில் போகிறது.

இந்த இடைவெளியில்தான் நாம் வழக்கமாக இஎல்சிபி என்று சொல்லும் கருவி வருகிறது. இப்போது கடையில் கிடைப்பதன்மேல் ஆர்சிசிபி என்று அச்சிட்டிருக்கும். வாங்க வேண்டியது அதைத்தான். இது செய்யும் வேலை கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையின் வேலை: எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று மட்டும் பார்ப்பது. பேஸ், நியூட்ரல் இரண்டு ஒயர்களும் உள்ளே ஒரு இரும்பு வளையத்தின் நடுவே புகுந்து போகின்றன. போனதும் வந்ததும் சமம் என்றால் வளையத்தில் காந்தம் எதுவும் மிஞ்சாது. ஃப்ரிட்ஜ் வழியாகவோ ஒரு மனிதர் வழியாகவோ கொஞ்சம் மண்ணுக்குப் போய்விட்டால் நியூட்ரலில் அந்த அளவு குறையும். வளையத்தில் காந்தம் பிறக்கும். அது ஒரு சின்ன ரிலேயைத் தட்டிவிடும். மொத்தம் 5 ஆம்பியர் ஓடுகிறதா 35 ஆம்பியர் ஓடுகிறதா என்பது அதற்குக் கவலையில்லை. வித்தியாசம் எவ்வளவு என்பது ஒன்றுதான் கேள்வி.

மனிதர்களைக் காக்கும் ஆர்சிசிபியில் இந்த வித்தியாசம் 30 மில்லியாம்பியர். பெட்டியின் மேல் 0.03 ஆம்பியர் என்று போட்டிருக்கும். உண்மையில் 15க்கும் 30க்கும் நடுவில் எங்காவது விழும். ஐந்து மடங்கு, அதாவது 150 மில்லியாம்பியர் கசிந்தால், 0.04 நொடிக்குள் அறுத்துவிட வேண்டும் என்பது தரவிதி. டீக்கடை ஃப்ரிட்ஜில் கசிந்தது 19 ஆம்பியர். ஒயர் தகரத்தைத் தொட்ட அந்தக் கணத்திலேயே, பையன் கடைக்கு வருவதற்கு முன்பே, ஆர்சிசிபி விழுந்திருக்கும். எர்த் குழி காய்ந்துபோய் 10 ஓமுக்குப் பதில் 100 ஓம் காட்டினாலும் கவலையில்லை. அப்போதும் இரண்டு ஆம்பியருக்கு மேல் கசியும், 30 மில்லியாம்பியரோடு ஒப்பிட்டால் அது மலை. கோடையில் தண்ணீர் ஊற்றாமல் விட்ட குழிகள் நிறைந்த நம் ஊருக்கு இது பெரிய விஷயம்.

எர்த் ஒயரே இல்லை என்றால்? அப்போதும் ஆர்சிசிபி வேலை செய்யும். ஆனால் யாராவது தொடும் வரை காத்திருக்கும். தொட்ட பிறகு, அவர் உடம்பு வழியாக மின்சாரம் மண்ணுக்குப் போன பிறகுதான் அதற்குத் தெரியும். இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். ஆர்சிசிபி இருந்தால் 30 மில்லியாம்பியருக்கு மேல் உடம்பில் ஏறாது என்று பலர் நம்புகிறார்கள். ஏறும். 230 மில்லியாம்பியரும் ஏறும், ஷாக் நன்றாகவே தெரியும். அது குறைப்பது நேரத்தை. இதயம் ஒருமுறை துடித்து முடிப்பதற்குள் அறுத்துவிடுவதுதான் அதன் சாமர்த்தியம். அதனால்தான் எர்த்தும் வேண்டும், ஆர்சிசிபியும் வேண்டும்.

அதற்குத் தெரியாதவையும் உண்டு. மர ஸ்டூலில் நின்றுகொண்டு ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் ஒருவர் பிடித்தால், போனது அப்படியே திரும்பி வருகிறது. ஆர்சிசிபிக்கு அவரும் ஒரு பல்புதான். சுமை கூடினாலும், ஷார்ட் ஆனாலும்கூட அதற்குத் தெரியாது. இந்தக் கடைசி விஷயம் சின்னக் கட்டடங்களில் அடிக்கடி சேதம் செய்கிறது.

இரண்டாம் மாடியில் வாடகை வீடு. அங்கே டிபி பெட்டியில் முதலில் 40 ஆம்பியர் ஐசோலேட்டர், அடுத்து 25 ஆம்பியர் ஆர்சிசிபி, பிறகு நான்கைந்து எம்சிபிகள் என்று மாட்டியிருக்கிறார்கள். கோடைகாலச் சாயங்காலம். ஏசி 8 ஆம்பியர், வாட்டர் ஹீட்டர் 9, இண்டக்‌ஷன் அடுப்பு 9, இஸ்திரிப் பெட்டி 4, விளக்கு ஃபேன் ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து 3. மொத்தம் 33 ஆம்பியர். ஒவ்வொரு எம்சிபியும் தன் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஒன்றும் விழாது. ஆனால் மொத்த மின்சாரமும் 25 ஆம்பியர் தாங்கும் ஆர்சிசிபி வழியாகத்தான் போகிறது. அந்த 25 என்பது அதன் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் தாங்கும் அளவு. 25ஐத் தாண்டினால் விழும் என்று பொருளில்லை. அது விழாமல் வேகும். முதலில் ஒயர் மாட்டும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறும், மீன் வாடைபோல ஒரு நாற்றம் வரும். ஒருநாள் டி பொத்தானை அழுத்தினாலும் விழாத நிலைக்குப் போய்விடும். உயிர் காக்கும் கருவி சத்தமில்லாமல் செத்துப்போய், வெளியே விளக்குகள் எப்போதும்போல எரிந்துகொண்டிருக்கும்.

முன்னால் இருக்கும் 40 ஆம்பியர் ஐசோலேட்டர் ஏன் தடுக்கவில்லை? தடுப்பது அதன் வேலையே இல்லை. ஐசோலேட்டருக்குள் வளையும் பட்டையும் கிடையாது, காந்தச் சுருளும் கிடையாது. அது வெறும் சுவிட்ச். 40 என்ற எண் அது தாங்கும் அளவைச் சொல்கிறது. 60 பாய்ந்தாலும், ஷார்ட் ஆனாலும், யாராவது கையால் தள்ளாமல் அது தானாக இறங்காது. அந்த இடத்தில் 25 ஆம்பியர் இரட்டைக் கம்ப எம்சிபியைப் போட்டிருந்தால் ஆர்சிசிபி பிழைத்திருக்கும். சுமையே அதிகம் என்றால் ஆர்சிசிபியையும் முன்னால் இருக்கும் எம்சிபியையும் 40 ஆக்கிவிட்டு, மெயின் ஒயர் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஐசோலேட்டர் எதற்கு? பழுது பார்க்கிறவருக்காக. ஒற்றைக் கம்ப எம்சிபி பேஸை மட்டும்தான் அறுக்கும். நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். கம்பத்தில் வேலை பார்த்துவிட்டு ஒயரை மாற்றி மாட்டிவிட்டால் நம் வீட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். அப்போது எம்சிபியை இறக்கிவிட்டு ஃபேனைக் கழற்றுகிறவர் கையில் உயிருள்ள ஒயர்தான் இருக்கும். இரட்டைக் கம்ப ஐசோலேட்டர் இரண்டையும் சேர்த்து அறுக்கிறது. திறந்தபோது உள்ளே இருக்க வேண்டிய இடைவெளி எவ்வளவு, பிடி இறங்கியிருந்தால் தொடுமுனையும் நிச்சயம் விலகியிருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அதற்கு விதி உண்டு. மொட்டை மாடியில் மோட்டாருக்குப் பக்கத்தில், வெளியே மாட்டிய ஏசி யூனிட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஐசோலேட்டர் இருந்தால், மேலே வேலை செய்கிறவர் தன் கண்முன்னாலேயே அதை இறக்கிப் பூட்டுப் போட்டுக்கொள்ளலாம். கீழே யாரோ தெரியாமல் ஸ்விட்சைப் போட்டுவிடும் விபத்து அதோடு தீர்ந்தது. நம் வீடுகளில் ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஐசோலேட்டரை இறக்கினாலும் இன்வெர்ட்டர் ஊட்டும் விளக்கு, ஃபேன் ஒயர்களில் மின்சாரம் இருக்கும். இன்வெர்ட்டரையும் தனியாக நிறுத்த வேண்டும்.

இன்வெர்ட்டரைப் பற்றிப் பேசும்போதே ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுகிறது என்ற புகாரையும் முடித்துவிடலாம், ஏனென்றால் பாதிப் புகார்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் புதிதாக ஆர்சிசிபி மாட்டுகிறார்கள். இன்வெர்ட்டருக்குப் போகும் பேஸ் ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து எடுத்தது. அது ஊட்டும் விளக்குகளின் நியூட்ரலோ மற்ற எல்லா நியூட்ரலோடும் சேர்ந்து ஆர்சிசிபிக்குப் பின்னால் இருக்கும் நியூட்ரல் லிங்கில் மாட்டியிருக்கிறது. இப்போது அந்த விளக்குகளுக்கான மின்சாரம் கருவியின் வழியாகப் போகாமல், அதன் வழியாகத் திரும்பி மட்டும் வருகிறது. 9 வாட் எல்இடி பல்பு ஒன்று எரிந்தாலே 40 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்துவிடும். ஹாலில் பல்பைப் போட்டதும் வீடே இருண்டுவிடும். ஆர்சிசிபியில் பழுதே இல்லை. இன்வெர்ட்டர் ஒயர்களுக்குத் தனி நியூட்ரல் லிங்க் வைத்து, அவற்றுக்கென ஒரு ஆர்சிசிபி கொடுத்தால் சரியாகிவிடும். படிக்கட்டு விளக்குக்குப் பேஸ் முதல் மாடியிலிருந்தும் நியூட்ரல் இரண்டாம் மாடியிலிருந்தும் எடுத்திருந்தால் இதே கதைதான். இரண்டு வீட்டு ஆர்சிசிபியும் ஒன்றாக விழும்.

உண்மையான கசிவா என்று தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எம்சிபிகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றிப் பார்ப்பது, நின்றால் ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றுவது. எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த ஒயரில் இருக்கும் ஹீட்டர், வாஷிங் மெஷின், மழை நனையும் வெளி விளக்கு, மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவது. இதுவரை எல்லோரும் செய்வார்கள். எம்சிபிகள் எல்லாம் இறங்கியிருக்கும்போதும் ஆர்சிசிபி நிற்காவிட்டால் அங்கேதான் பலர் கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அதைச் சுற்றி நேராக ஒயர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒற்றைக் கம்ப எம்சிபி நியூட்ரலை அறுப்பதில்லை என்று பார்த்தோமே. எங்காவது ஒரு சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்சிபி இறங்கியிருந்தாலும் அந்தக் கோளாறு இணைந்தேதான் இருக்கும். நியூட்ரல் லிங்கிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அரைமணி நேர வேலை. அந்த அரைமணி நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக உயிர்க்காவலையே துண்டித்துவிடுவதை நான் பெரிய குற்றமாகத்தான் நினைக்கிறேன்.

இனி படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் பேனலுக்குப் போவோம். கம்பத்திலிருந்து வரும் மூன்று பேஸ் கேபிள் முதலில் வந்து இறங்குவது எம்சிசிபியில். செங்கல்லைவிடச் சற்றுச் சிறிய கறுப்புப் பெட்டி, நடுவில் தடித்த பிடி. நம் கட்டடத்துக்கு 100 ஆம்பியர், நான்கு கம்பம் என்று வைத்துக்கொள்வோம். எம்சிபி செய்யும் அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது, பட்டையும் சுருளும் இதிலும் உண்டு. பிறகு ஏன் பெரியதாகவும் விலை கூடியதாகவும் ஒன்று?

முதல் காரணம், ஷார்ட் ஆகும்போது எவ்வளவு பெரிய மின்சாரத்தை உடையாமல் அறுக்க முடியும் என்பது. தெருவில் 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர் இருந்தால், அதன் வாயிலேயே ஷார்ட் ஆனால் ஏழாயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். நகரத்தில் 500 கேவிஏ என்றால் பதினைந்தாயிரத்தை நெருங்கும். கேபிள் நீள நீள இது குறையும்; வீட்டு டிபி பெட்டிக்கு வருவதற்குள் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு இறங்கிவிடும். வீட்டு எம்சிபியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று அச்சிட்டிருப்பது இந்தத் தாங்கும் அளவைத்தான். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கட்டடத்தின் பேனலில் அது போதாமல் போகலாம். தாங்காத எம்சிபி ஷார்ட்டை அறுக்கப் போய்த் தானே வெடித்துவிடும். எம்சிசிபிகள் 16, 25, 36 ஆயிரம் ஆம்பியர் என்ற அளவுகளில் கிடைக்கின்றன.

இரண்டாவது, பல எம்சிசிபிகளில் விழும் அளவை ஒரு திருகால் திருப்பி வைக்கலாம். 100 ஆம்பியர் கருவியை 80க்குக் குறைத்து வைத்து, மெயின் கேபிள் தாங்கும் அளவோடு பொருத்திக்கொள்ளலாம். இந்தத் திருகு எங்கே நிற்கிறது என்று ஒருமுறையாவது பாருங்கள். கேபிளைக் கணக்குப் பார்க்காமல் கடைசி எண்ணில் வைத்துவிட்டுப் போயிருக்கும் பேனல்கள் நிறைய.

எம்சிசிபி விழுந்த பிறகு அதை எப்படி ஏற்றுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். விழுந்ததும் அதன் பிடி முழுதாகக் கீழே வராது. பாதி வழியில் நிற்கும். தானாக விழுந்தது, யாரும் கையால் இறக்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். அங்கிருந்து நேராக மேலே தள்ளினால் ஏறாது. முதலில் கீழே முழுதாக அழுத்த வேண்டும். உள்ளே ஸ்பிரிங் கொக்கியில் மாட்டும் சத்தம் கேட்கும். அதன் பிறகுதான் மேலே தள்ள வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு உடனே ஏற்றிவிடவும் கூடாது. கட்டடம் முழுவதையும் இருட்டாக்கும் அளவுக்கு ஏதோ நடந்திருக்கிறது. எந்தக் கடையில், எந்த வீட்டில் கருகிய வாடை வருகிறது, எந்த எம்சிபி கூடவே விழுந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் பகுதியைத் துண்டித்துவிட்டு ஏற்ற வேண்டும்.

கடை எம்சிபியும் கட்டட எம்சிசிபியும் ஒன்றாக விழுவதும் உண்டு. தையல் கடையில் ஷார்ட் ஆனதற்கு மாடி வீடுகள் ஏன் இருட்டாக வேண்டும் என்று குடியிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். கடையின் உள்மூலையில், நீண்ட மெல்லிய ஒயரின் நுனியில் ஷார்ட் ஆனால் பாய்வது ஐந்நூறு அறுநூறு ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபி உடனே விழும். 100 ஆம்பியர் எம்சிசிபியின் காந்தச் சுருள் பொதுவாக ஆயிரம் ஆம்பியரை ஒட்டித்தான் அசையும் என்பதால் அது சும்மா இருக்கும். அதே ஷார்ட் பேனலுக்குப் பக்கத்திலேயே ஆனால் இரண்டாயிரம் ஆம்பியர் பாயும். அப்போது இரண்டு சுருள்களும் ஒரே நேரத்தில் இழுக்கும், இரண்டும் விழும். எந்த எம்சிசிபிக்குக் கீழே எந்த எம்சிபி போட்டால் எவ்வளவு ஆம்பியர் வரை கீழே இருப்பது மட்டும் விழும் என்று தயாரிப்பாளர்கள் அட்டவணை தருகிறார்கள். பேனல் செய்யக் கொடுக்கும்போது இரண்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்கி, அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கட்டடத்துக்கு ஒரே ஆர்சிசிபியை பேனலில் மாட்டிவிட்டால் எல்லோரையும் காக்குமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 30 மில்லியாம்பியரில் அது நடக்காது. பழுதில்லாத கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், ஏசி ஒவ்வொன்றும் இயல்பாகவே ஒரு மில்லியாம்பியரை ஒட்டி எர்த்துக்குக் கசியவிடும். இரண்டு கடை, இரண்டு வீட்டுக் கசிவுகளும் சேர்ந்தால் பதினைந்தைத் தொட்டுவிடும், கருவி நிற்கவே நிற்காது. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் பெட்டியில் 30 மில்லியாம்பியர் ஒன்று இருக்க வேண்டும். வசதி இருந்தால் வீட்டுக்கு இரண்டாகப் பிரித்து, ஹீட்டரும் சமையலறையும் ஒன்றில், மற்றவை ஒன்றில் வைக்கலாம். பேனலில் வைப்பதானால் 300 மில்லியாம்பியர், கொஞ்சம் தாமதித்து விழும் வகை. அது தீ பிடிக்காமல் காக்கும், ஆளைக் காக்காது.

உங்கள் பெட்டியில் எது இருக்கிறது என்று அடையாளம் காணப் பெட்டியைத் திறந்து ஒயரைத் தொட வேண்டியதில்லை. ஆம்பியர் எண்ணுக்கு முன்னால் பி, சி, டி என்று ஓர் எழுத்தும், கட்டத்துக்குள் 6000 அல்லது 10000மும் இருந்தால் எம்சிபி. டி என்ற ஆங்கில எழுத்துப் போட்ட பொத்தானும் 0.03 ஆம்பியரும் இருந்தால் ஆர்சிசிபி. எழுத்தும் இல்லை, கட்டத்துக்குள் எண்ணும் இல்லை, பொத்தானும் இல்லை, வெறும் 40 அல்லது 63 என்று மட்டும் இருந்தால் ஐசோலேட்டர். பொத்தானும் இருந்து, எண்ணுக்கு முன்னால் எழுத்தும் இருந்தால் அது எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்சிபிஓ. ஹீட்டருக்குத் தனியாகப் போட மிக நல்லது.

பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போதுதான் அழுத்த வேண்டும். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும். பொத்தான் உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாக வேண்டுமென்றே வித்தியாசத்தை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். வீட்டு எர்த் ஒயர் அறுந்திருந்தாலும், எர்த் குழி வறண்டிருந்தாலும் பொத்தானை அழுத்தினால் ஆர்சிசிபி விழும். ஆகவே எர்த்தை வருடத்துக்கு ஒருமுறை எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் ஒருவரை அழைத்துத் தனியாகத்தான் அளந்துகொள்ள வேண்டும், அதுவும் மழைக்காலத்தில் அளக்காமல், மண் காய்ந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்.